இருபத்தெட்டு சதவீதம்

தை மாதத்தில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழலாம். புல் வெளுக்கலாம், உருளைச் செடி கருகலாம், குழாயில் தண்ணீர் நின்றுபோகலாம். அதற்கெல்லாம் மலைக்காரர்கள் ஆயத்தமாகவே இருந்தார்கள். மழைக்குத்தான் யாரும் ஆயத்தமாக இல்லை. அது மூன்று பகலும் மூன்று ராத்திரியும் விடாமல் கொட்டிவிட்டு, நான்காம் நாள் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வெயிலை அனுப்பி வைத்தது.

கேடு அந்த வெயிலில்தான் இருந்தது. மண்ணில் தேங்கிய நீர் சூடேறியதும் கேரட் உள்ளுக்குள்ளேயே கூழாகத் தொடங்கியது. மேலே தழை பச்சைப் பசேலென்று நின்றது. பிடித்து இழுத்தால் தழை மட்டும் கையோடு வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. லவ்டேலுக்குக் கீழே, சரிவில் படிப்படியாக இறங்கும் தன்னுடைய தோட்டத்தில் பொன்ராஜ் ஒவ்வொரு பாத்தியாக இழுத்துப் பார்த்தான். முப்பத்தாறு பாத்தியில் பதினான்கு முழுசாகப் போயிருந்தது. மீதியிலும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று அழுகல். நூறு நாள் வளர்த்த பயிர், இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்க வேண்டியது.

‘தன்னுடைய தோட்டம்’ என்று சொன்னது பேச்சுக்குத்தான். ஒரு ஏக்கர் பத்து சென்ட் நிலமும் ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் வேலுசாமியின் பட்டாவில் இருந்தது. பொன்ராஜ் பதினோரு வருஷமாகக் குத்தகைக்காரன். அதற்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன். அவனுடைய அப்பனும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் வெட்டவும் கிள்ளவும் செய்து ஓய்ந்தவர்கள். கூலிக்காரன் மகன் ஒருவன் கேரட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிறான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், ஊரில் வேறு யாருக்கு எந்தக் கர்வத்துக்குக் குறைச்சல்?

இப்போது அந்தக் கர்வத்தின் கழுத்தில் கத்தி இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தான். பங்குனிக்குள் கட்ட வேண்டும். கட்டினால்தான் புதுக்கடன், புதுக்கடன் வந்தால்தான் வேலுசாமிக்கு அடுத்த வருஷக் குத்தகை. சங்கத்துச் செயலாளரிடம் போய் நின்றபோது அவர் வழி ஒன்றைச் சொன்னார். அரசாங்கம் பயிர்ச் சேதப் பட்டியல் எடுக்கும், அதில் பொன்ராஜின் பெயர் வந்துவிட்டால் பழைய கடனுக்குத் தவணை தள்ளி வைத்துப் புதுசும் தரலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் முடியாது என்று கையை விரித்தார். நிவாரணம் என்று கிடைப்பது ஏக்கருக்கு ஏழாயிரமோ எட்டாயிரமோதான். அது விதைக்கே காணாது. பொன்ராஜுக்கு வேண்டியிருந்தது அந்தப் பணம் அல்ல, பட்டியலில் ஒரு வரி. அந்த வரி இல்லையென்றால் நிலம் இல்லை, நிலம் இல்லையென்றால் மறுபடி கூலிதான். பயிர்க் காப்பீடு ஒன்று இருந்தது. அதற்குப் பணம் கட்டும் தேதி தாண்டின பிறகுதான் அவன் விதைத்திருந்தான்.

ஆக, மனு. வெள்ளைத்தாளில் ‘பெறுநர்: வேளாண்மை அலுவலர்’ என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறி ஊட்டி போனான். வேளாண்மைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, கேரட் தங்கள் பிள்ளை இல்லை, தோட்டக்கலைத் துறையின் பிள்ளை என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டக்கலை அலுவலகத்தில் மனுவைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். சர்வே எண், உட்பிரிவு, விதைத்த தேதி, சேதமான பரப்பு எல்லாம் வேண்டும். கூடவே சிட்டா நகல், அடங்கல், ஆதார், பாங்க் பாஸ்புக், அழுகலோடு எடுத்த போட்டோ. குத்தகைக்காரன் என்பதால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

அடங்கல் என்பது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதி வைக்கும் கணக்கு. பல இடங்களில் அது பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த தேயிலையையே இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கும். பொன்ராஜ் கெட்டிக்காரன். விதைத்த மாதமே வி.ஏ.ஓ.வை நச்சரித்து, ‘கேரட், சாகுபடி செய்பவர் பொன்ராஜ்’ என்று எழுத வைத்திருந்தான். வேலுசாமியும் கடிதம் கொடுத்தார். ஆனால் மண்டிக்காரர் சும்மா கொடுப்பாரா? இந்த மனுவை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் குத்தகை உரிமை எதுவும் கோரமாட்டேன் என்று பொன்ராஜிடம் பதிலுக்கு ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். பொன்ராஜ் படித்துப் பார்த்துவிட்டே போட்டான்.

எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தபோது வாங்கியவள் ராஜப்ரியா. உதவித் தோட்டக்கலை அலுவலர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், மலைக்கு வந்து எட்டு மாசம். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டும் குளிர் விடவில்லை அவளுக்கு. மனுவை வரிவரியாகப் படித்தாள், சர்வே எண்ணைச் சரிபார்த்தாள், பதிவேட்டில் எழுதி எண் கொடுத்தாள். வருவாய்த் துறையும் தாங்களும் சேர்ந்து நேரில் வந்து பார்ப்போம் என்றாள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது முப்பத்து மூன்று சதவீதத்துக்குக் குறையாமல் சேதம் இருந்தால்தான் பட்டியலில் ஏறும். அவன் எழுந்தபோது அவள் ஒன்று சொன்னாள்.

“நாங்க வந்து பாக்கற வரைக்கும் வயல்ல கை வெக்காதீங்க. கண்ணால பாக்கறதத்தான் என்னால எழுத முடியும்.”

பொன்ராஜ் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி சசிரேகாவிடம் அப்படியே ஒப்பித்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அழுகாத கேரட்டையாவது உடனே பிடுங்கி விற்றுவிடலாம் என்றாள். அழுகல் மண்ணில் நல்லதை எத்தனை நாள் விட்டு வைக்க முடியும்? நியாயமான கேள்விதான். ஆனால் பிடுங்கிவிட்டால் சேதத்துக்குச் சாட்சி ஏது? அவன் பிடிவாதமாகப் பொறுத்தான். ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் பாதி போனது. சர்க்காருக்கு இருநூறு மனு, ஆளுக்கு ஒரு ஜீப் கூடக் கிடையாது. நல்ல கேரட்டும் வெடிப்பு விட ஆரம்பித்தது. நாற்றம் பாதை வரைக்கும் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிக் கடந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் கணேசன் வந்தான்.

கணேசன் சசிரேகாவின் கூடப் பிறந்த அண்ணன். பொன்ராஜின் தோட்டத்துக்கு நேர் கீழே இருக்கும் ஏக்கர் அவனுடைய குத்தகை. அவனும் கேரட்தான், ஆனால் தாமதமாக விதைத்தவன். மழை பெய்தபோது அவன் பயிருக்கு ஐம்பது நாள்தான். கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. இளம்பயிர் என்பதால் தண்ணீர் தேங்கியும் பெரிதாக அழுகவில்லை, ஓரத்துப் பாத்திகள் சில சாய்ந்ததோடு சரி. அவனும் மனு கொடுத்திருந்தான். மனு கொடுக்காதவன் ஊரில் யார்?

அவன் கேட்டது ஊர் வழக்கம்தான். படிப்படியான நிலத்தில் மேல் காட்டுக்காரன் தன் அழுகலைக் கீழ்க் காட்டுக்கு இறங்க விடக்கூடாது. வாய்க்கால் மேலிருந்து கீழே ஓடுகிறது. மேலே உள்ள சீக்கு ஒரு மழையில் கீழே வந்துவிடும். அதனால் அழுகலைக் கண்டால் மேலே இருப்பவன் தோண்டி எடுத்துப் போட்டுவிட வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் இதைச் செய்யாதவனோடு யாரும் தண்ணீர் பங்கு போடமாட்டார்கள், அறுவடைக்குக் கைமாற்று ஆள் அனுப்பமாட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி மழை இருக்கிறதாம், செல்போனில் பார்த்தானாம் கணேசன். வந்தால் தன் பிஞ்சுப் பயிர் மொத்தமும் போய்விடும் என்றான்.

பொன்ராஜ் ஆபீசர் சொன்னதைச் சொன்னான். கணேசன் சிரித்தான்.

“பாத்தி காலியா கெடந்தா அவங்களுக்கே தெரியாதுங்களா மாப்பிள்ளை? நான் இருக்கறேன்ல, சாட்சி சொல்றேன். அள்ளிக் கரையில போடுங்க, நானே எடுத்துட்டுப் போயி குழியில கொட்டிக்கறேன்.”

பொன்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி சசிரேகா சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில், தன் அண்ணன் வாழ்வதும் கெடுவதும் உங்கள் கையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு மிச்சமிருந்த பிறந்தகம் அந்த அண்ணன் ஒருவன்தான். பொன்ராஜுக்கும் வழக்கம் உறுத்தியது. கீழ்க் காட்டுக்காரனைக் கெடுத்தவன் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு அவனால் அந்தச் சரிவில் நடமாட முடியாது. மண்வெட்டியை எடுத்தான்.

மூன்று நாள் புருஷனும் பெண்டாட்டியும் தோண்டினார்கள். முழுசாகப் போன பதினான்கு பாத்தியையும் சுத்தமாக எடுத்தார்கள். விரல் நகத்துக்குள் போன நாற்றம் சோப்புக்கு அசையவில்லை, சோறு பிசையும்போது குமட்டியது. அறுபத்திரண்டு மூட்டை. சில கிழங்குகள் பாதி அழுகி, பாதி கெட்டியாக, மணிக்கட்டு மொத்தத்துக்கு இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் சசிரேகாவுக்கு அழுகை வந்தது. மூட்டைகளைக் கரையில் அடுக்கினார்கள். சாயங்காலமானால் கணேசன் இரண்டு ஆளோடு வந்து தூக்கிக்கொண்டு போனான். தன் காட்டு வேலையைப் போட்டுவிட்டு அவன் இவ்வளவு சுறுசுறுப்பாக அழுகல் சுமப்பதைப் பார்த்து, மச்சானுக்கு என்னதான் இருந்தாலும் பாசம் உண்டு என்று பொன்ராஜ் நினைத்தான். அட மடையா என்று சொல்லத்தான் அந்த இடத்தில் யாருமில்லை.

சொன்ன மழை வரவில்லை. அதற்குப் பதில், தோண்டி முடித்த ஐந்தாம் நாள் ஆபீசர்கள் வந்தார்கள்.

ராஜப்ரியா முன்னால், வி.ஏ.ஓ. பின்னால். அன்றைக்கு மட்டும் அவர்கள் பார்க்க வேண்டியது பதினெட்டுத் தோட்டம். அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. முதலில் செல்போனைத் தூக்கி நிலம் இருக்கும் இடத்தோடு பதிவாகிற மாதிரி நாலு பக்கமும் படம் எடுத்தாள். பிறகு பயிர் நின்ற பாத்திகளில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடம் பொறுக்கி, மீட்டர் சதுரம் அளந்து, உள்ளே இருந்த எல்லாக் கேரட்டையும் பிடுங்கச் சொன்னாள். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். எண்ணி எழுதிக்கொண்டாள். கடைசியாக, வெறும் மண்ணாகக் கிடந்த பதினான்கு பாத்திகளுக்கு வந்து நின்றாள்.

பொன்ராஜ் விளக்கினான். மேல் காட்டு வழக்கத்தைச் சொன்னான், மழை வரப்போவதாகச் சொன்னதைச் சொன்னான், மூன்று நாள் தோண்டியதைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். அழுகின கேரட் எங்கே, காட்டுங்கள் என்றாள். மச்சான் எடுத்துப் போனார் என்றான். எல்லோரும் கணேசன் பக்கம் திரும்பினார்கள். அடுத்தாற்போல் அவன் தோட்டம்தான் என்பதால் அவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

“எவ்வளவுங்க எடுத்துட்டுப் போனீங்க?” என்று கேட்டாள் ராஜப்ரியா.

“கொஞ்சம் தழையும் அழுகலுமா ரெண்டு மூட்டை இருக்குங்க மேடம். மாட்டுக்குப் போட்டுட்டேன். மத்தது எனக்குத் தெரியலைங்க.”

மச்சான் தடுமாறிவிட்டான், இதோ திருத்திச் சொல்வான் என்று பொன்ராஜ் அவன் முகத்தையே பார்த்தான். கணேசன் வாய்க்காலில் ஏதோ விழுந்துவிட்டது போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சசிரேகா “அண்ணே” என்றாள்.

வெறும் பாத்தி அரசாங்கக் கண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். ராஜப்ரியா படிவத்தில் எழுதினாள்: பதினான்கு பாத்தி, அறுவடை செய்யப்பட்டது. நிற்கும் பயிரில் சேதம், இருபத்தெட்டு சதவீதம். பாதிக்கு மேல் பறிகொடுத்தவன் படிவத்தின்படி நல்ல அறுவடைக்காரன் ஆனான். எவ்வளவு ஒழுங்காக அழுகலை அள்ளினானோ அவ்வளவும் விற்றுத் தின்ற கணக்கில் சேர்ந்தது. அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும், பேனாவைக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தாள். பிறகு கையெழுத்துக்கு நீட்டினாள். விவசாயி கையெழுத்துப் போடாவிட்டால் ‘மறுத்தார்’ என்று எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று வி.ஏ.ஓ. சொன்னார். பொன்ராஜ் போட்டான்.

அப்புறம் எல்லோரும் கரையைத் தாண்டிக் கணேசனின் தோட்டத்துக்கு இறங்கினார்கள். இறங்கும்போதே மூக்கில் அறைந்தது நாற்றம்.

பாத்திக்குப் பாத்தி அழுகல் பரவிக் கிடந்தது, எல்லாம் முந்தின ராத்திரி வேலை. இளம் தழைகளைப் பிடுங்கி அங்கங்கே சாய்த்து, நடுவில் கூழும் கிழங்குமாக மண்ணோடு மிதித்து விட்டிருந்தான். பாதி அழுகி, பாதி கெட்டியாக, மணிக்கட்டு மொத்தத்துக்குக் கேரட். பக்கத்திலேயே உயிரோடு நின்ற செடியைப் பிடுங்கினால் சுண்டுவிரல். விதைத்துப் பழகிய எவனுக்கும் ஒரு பார்வை போதும். எழுபது நாள் பயிரில் நூறு நாள் கிழங்கு எப்படி விளையும்? பொன்ராஜ் தன்னுடைய அறுபத்திரண்டு மூட்டையையும் அங்கே பார்த்தான். தான் தோண்டியது, தான் கட்டியது, தான் கரையில் கொண்டுவந்து அடுக்கியது.

ராஜப்ரியா மூன்று இடம் பொறுக்கினாள், அளந்தாள், எண்ணினாள். கை கொஞ்சம் மெதுவாகியது. வி.ஏ.ஓ. தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் “அறுபத்து நாலு” என்று எழுதியபோது பொன்ராஜ் முன்னால் போய் நின்றான்.

“மேடம், இது என்ர கேரட்டுங்க.”

கணேசன் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இருக்கும் என்று பொன்ராஜ் எதிர்பார்த்தான். பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் சின்னப் பையன் ஏதோ உளறிவிட்டது போல.

ராஜப்ரியா குனிந்து ஒரு கிழங்கை எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். பக்கத்துச் செடி ஒன்றைப் பிடுங்கி இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. இறங்கின நிமிஷமே தெரிந்திருந்தது என்பது பொன்ராஜுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவனைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நீங்க சொல்றத நான் எழுதறேங்க. எழுதினா இது மோசடின்னு தாசில்தாருக்குப் போகும், போலீசுக்கும் போகலாம். அழுகலைக் குடுத்தது நீங்கன்னும் அதுலயே வரும். ஆனா உங்க இருபத்தெட்டு இருபத்தெட்டாத்தான் இருக்கும். உங்க நெலத்துல நான் பாக்காதத நான் பாத்தேன்னு எழுத முடியாது. எழுதட்டுமா, சொல்லுங்க.”

நல்ல பெண்தான். சட்டத்தில் ஒரு எழுத்து பிசகாதவள். ஒருவனை நடுத்தெருவில் நிறுத்த இவ்வளவு நேர்மை போதும் என்று அவளுக்கே தெரியாது.

பொன்ராஜ் திரும்பிப் பார்த்தான். கரையில் சசிரேகா நின்றாள். அவளும் கிழங்கைப் பார்த்திருந்தாள். தன் கையால் தோண்டினது அவளுக்குத் தெரியாதா? அவள் அண்ணனைத் திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மெதுவாக வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“விடுங்க. நமக்கு எப்படியும் இல்லேன்னு ஆயிருச்சு. அண்ணனுக்காவது வரட்டும்.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவளை அவன் அந்தக் கணத்தில் வெறுத்தான். கல்யாணமான பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாக வெறுத்தான். அதைவிடக் கேவலம், அவள் சொன்னதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை. பேசினால் இருவருக்கும் போகும், பேசாவிட்டால் ஒருவனுக்கு வரும். எழுத வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அதோடு முடியவில்லை. கணேசனின் படிவத்தில் அக்கம்பக்கத்துச் சாகுபடிதாரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மேல் காடு பொன்ராஜுடையது. போனை வைத்துவிட்டு வந்த வி.ஏ.ஓ. பேனாவை அவனிடமே நீட்டினார். ‘மேற்கண்ட சேதம் என் முன்னிலையில் கணக்கிடப்பட்டது.’ அதில் பொய் எதுவும் இல்லை, அவன் முன்னிலையில்தானே கணக்கிட்டார்கள். கையெழுத்தை இந்தத் தடவை தெளிவாகவே போட்டான்.

அன்றைக்கே மிச்சக் கேரட்டைப் பிடுங்கினான். வெடித்தது, கறை விழுந்தது என்று மண்டியில் மூன்றாந்தர விலை சொன்னார்கள். லாரி வாடகையும் கூலியும் போக வெறுங்கையோடு வந்தான். மாதக் கடைசியில் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடந்தது. அங்கேயும் ஒரு மனு கொடுத்தான். கணேசன் பெயரை எழுதவில்லை, தன் பாத்தி காலியான கதையை மட்டும் எழுதினான். பதினைந்தாம் நாள் பதில் வந்தது. கூட்டாய்வில் சேதம் இருபத்தெட்டு சதவீதம் எனக் கண்டறியப்பட்டது, மனுதாரர் ஆய்வறிக்கையில் ஒப்பமிட்டுள்ளார், எனவே மனு ஏற்கப்படவில்லை. தபால்காரர் அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பட்டியல் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டது. நாற்பத்தொரு பெயர். கணேசன் பதினேழாவது. சங்கத்தில் அவனுக்குத் தவணை தள்ளி வைத்தார்கள், புதுக்கடனும் கொடுத்தார்கள். பொன்ராஜுக்குப் பாக்கி நோட்டீஸ் வந்தது. சசிரேகாவின் தோடும் வளையலும் அதற்குப் போயும் பாக்கி தீரவில்லை, அதனால் புதுக்கடனும் இல்லை. குத்தகைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. வேலுசாமி பங்குனிக் கடைசி வரைக்கும் பொறுத்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு, வேறு ஆள் முன்பணம் கொடுத்துவிட்டார் என்று போனில் சொன்னார். யார் என்று பொன்ராஜ் கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. உங்கள் மச்சான்தான் என்றார்.

மண் ஒரே கையில் இருந்தால் வாய்க்கால் தகராறு இருக்காது என்று கணேசன் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தானாம். மேல் காடும் கீழ்க் காடும் சேர்ந்து இரண்டு ஏக்கர் பத்து சென்ட் இப்போது அவனிடம்.

சித்திரை பிறந்த நாலாம் நாள் கணேசன் வீட்டுக்கு வந்தான். பொன்ராஜ் கட்டிலில் படுத்திருந்தான், எழுந்திருக்கவில்லை. கணேசனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தங்கை கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசினான்.

“மேல் காடு உங்களுக்குத்தான் கைப்பழக்கம் மாப்பிள்ளை. எந்தப் பாத்தியில தண்ணி நிக்கும், எங்க உரம் ஏறும்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு விதைப்பு. ரெண்டு பேரும் வந்துருங்க. வெளியாளுக்குக் குடுக்கற கூலிய உங்களுக்குக் குடுத்தா எனக்கும் ஒரு திருப்தி.”

பொன்ராஜுக்கு எழுந்து அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சசிரேகா கதவோரம் நின்று புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“வர்றோம்ணே,” என்றாள்.

கணேசன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். ஆட்கள் எட்டு மணிக்குப் பாத்தியில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி பொன்ராஜ் கொத்தடிமையாய்ப் போவதைவிடப் பட்டினி கிடந்து சாகலாம் என்று தனக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டான். போகவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் தூங்கினான்.

காலையில் கணேசன் விதையோடு வந்தபோது மணி ஏழேமுக்கால். பொன்ராஜ் முதல் பாத்தியைக் கொத்தி முடித்து, இரண்டாவதில் பாதி வந்திருந்தான்.